கொந்தராத்து வேலைக்காரருக்குக் கடன் இல்லையா?

ஆசிரியர் தலையங்கம்

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து இறங்கி வந்து கட்டுக்கரைக் குளத்தைச் சுற்றிய ஊர்களில் குடியேறிய குடும்பங்கள் நம் சங்கத்துக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களுடைய உறவுகள் இன்னும் தோட்டத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகளோ இன்று வயலுக்கும் தோட்டத்துக்கும் போவதைவிட, மேன்பவர் கம்பனி மூலம் துப்புரவு, பொதியிடல், காவல் வேலைகளுக்குத்தான் அதிகம் போகிறார்கள். தோட்டத்திலும் பேர் பதிந்த வேலை குறைந்து, கிலோக் கணக்குக் கைக்காசு வேலை கூடிவிட்டது. வீட்டுக்குக் கூரை போட வங்கிக்குப் போகும்போது இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே பதில்தான்: "நிரந்தர வேலை இல்லை, கடன் தர முடியாது."

இந்தப் பதிலில் எது சட்டம், எது வங்கியின் வழக்கம் என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். கொந்தராத்து வேலை செய்பவருக்கோ, அண்மையில் வேலை மாறியவருக்கோ கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. வங்கி அறிய விரும்புவது, மாதாமாதம் தவணை வருமா, வராவிட்டால் எதைப் பிடிப்பது என்ற இரண்டைத்தான். முதற் கேள்விக்காகச் சம்பளச் சிட்டை, வேலை உறுதிக் கடிதம், வங்கிக் கணக்குப் பதிவு ஆகியவற்றைக் கேட்கிறார்கள். கொடுகடன் தகவல் பணியகத்தில், அதாவது நாம் "கிரிப்" என்று சொல்லும் இடத்தில், பழைய கடன்களையும் பார்க்கிறார்கள். புது வேலையில் தகுதிகாண் காலம் முடியும்வரை பொறுத்து வாருங்கள் என்பதும் இதனால்தான். இரண்டாவது கேள்விக்குக் காணி உறுதியும் பிணையாளரும் இல்லாதவரிடம் இருக்கக்கூடிய ஒரே பதில் அவருடைய ஊழியர் சேமலாப நிதி.

சேமலாப நிதியிலுள்ள மீதியில் 75 வீதம் வரை வீட்டுக் கடனுக்குப் பிணையாக வைக்கலாம். தொழில் திணைக்களம் அதற்கான சான்றிதழைத் தரும். அதை ஏற்கும் வங்கியில் கடன் பெறலாம். காணியை ஈடு வைக்கத் தேவையில்லை என்பதால், உறுதி இல்லாமல் அனுமதிப்பத்திரக் காணியில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய வழி. ஆனால் கொந்தராத்து வேலைக்காரர் பலர் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று நம் அங்கத்தவர் ஒருவரின் கணக்கைக் கொண்டு காட்டுகிறோம்.

இந்தத் தங்கை நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் 11 வருடம் பேர் பதிந்து கொழுந்து எடுத்தவர். பிறகு கணவரின் ஊரான கட்டுக்கரைக்கு வந்து, கொந்தராத்துக்காரர் ஒருவர் மூலம் பொதியிடும் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் 32,000 ரூபா. 14 மாதம் கழித்துக் கூரைக்காக 4 இலட்சம் ரூபா கடன் கேட்டார். வங்கி மறுத்தது. அவசரத்துக்கு அவர் குழுக் கடன் ஒன்றை எடுத்து, வாரா வாரம் கட்டத் தொடங்கினார். அதன் பிறகே நம்மிடம் வந்தார்.

நாம் முதலில் சம்பளச் சிட்டைகளைப் பார்த்தோம். மாதந்தோறும் 8 வீதம், அதாவது 2,560 ரூபா வெட்டப்பட்டிருந்தது. ஆனால் அவர் பெயரில் புது வேலைக்கான கணக்கே நிதியில் இல்லை. வெட்டிய பணம் போய்ச் சேரவில்லை. முதலாளி போட வேண்டிய 12 வீதமும், 3,840 ரூபாவும், போடப்படவில்லை. இரண்டும் சேர்ந்து மாதம் 6,400. 14 மாதத்துக்கு 89,600 ரூபா. வங்கியின் கண்ணில் அவர் 14 மாதம் வேலையே செய்யாதவர்.

1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர வேலைக்காரருக்கு மட்டும் உரியது அல்ல. தற்காலிகமாக, நாட்சம்பளத்துக்கு, கொந்தராத்தில், துண்டு வேலைக்கு உழைப்பவருக்கும் முதல் நாளிலிருந்தே உரியது. ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாத இறுதி வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் முதலாளி 5 முதல் 50 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட நேரிடும். அந்தச் சிட்டைகளோடு தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்தோம். ஐந்து மாதம் ஆனது, பணம் வந்தது.

அடுத்த தடை பெயர். தோட்டப் பதிவில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. அதைத் திருத்தி, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒன்றிணைக்கும்படி மத்திய வங்கியின் சேமலாப நிதிப் பிரிவுக்கு விண்ணப்பித்தோம். பழைய மீதி 4,60,000. புதியதையும் சேர்த்தால் 5,49,600. அதில் 75 வீதம் 4,12,200 ரூபா. பிணை போதும். ஆயினும் வங்கி தந்தது 3 இலட்சம்தான். குழுக் கடனின் தவணை ஏற்கெனவே சம்பளத்தில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்ததே காரணம். பிணை இருந்தாலும் கட்டும் சக்தியை வங்கி தனியாக அளக்கிறது. முதலில் நம்மிடம் வந்திருந்தால் முழுத் தொகையும் கிடைத்திருக்கலாம்.

இந்தக் கடனில் ஓர் ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறோம். தவணை நின்றால் அந்தப் பணம் உங்கள் சேமலாப நிதியிலிருந்தே வங்கிக்குப் போகும். வீட்டுக்கு யாரும் வந்து சத்தம் போட மாட்டார்கள். பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் பணம் எடுக்கப் போகும்போதுதான் கணக்கில் ஒன்றுமில்லை என்று தெரியவரும். கடன் எடுத்து நகை வாங்கிய, கலியாணம் செய்த பலருக்கு இது நடந்திருக்கிறது. வேலை நின்றால் அந்த மாதமே வங்கிக்குச் சொல்லித் தவணையை மாற்றக் கேளுங்கள்.

கொந்தராத்தில் சேரும் நாளிலேயே அங்கத்துவ இலக்கமுள்ள "பி" அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கம்பனி வாசலில் நிற்கும் மேலாளர் உங்கள் முதலாளி அல்லர். சம்பளம் தரும் கொந்தராத்துக்காரரே நிதிக்குப் பொறுப்பு. அவருடைய பதிவு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். சிட்டைகளை எறியாதீர்கள். வேலையை விடும்போது, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வேலை செய்தீர்கள் என்று கடிதம் வாங்குங்கள். அடுத்த வேலை ஒரு மாதத்தில் கிடைத்ததா, ஒரு வருடத்தில் கிடைத்ததா என்பதை வங்கிக்குக் காட்டுவது அந்தக் கடிதம்தான்.

2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அதில் மன்னாரும் ஒன்று. வங்கிக் கதவு மூடப்பட்ட இடத்தில்தான் அந்தக் கடன் புகுந்தது. கொந்தராத்துக்காரர் ஒருவர் நிதிப் பணத்தைக் கட்டாமல் விடும்போது களவு போவது ஓய்வுகாலப் பணம் மட்டுமல்ல. இன்றைய கடன் தகுதியும் அதோடு போகிறது. ஆகவே மேன்பவர் ஒப்பந்தம் கொடுக்கும் கம்பனிகள், மாதாந்த நிதிப் பற்றுச்சீட்டைக் காட்டிய பிறகே கொந்தராத்துக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கோருகிறோம். அதுவரை, சிட்டையில் வெட்டு இருந்தும் கணக்கில் பணம் இல்லாத அங்கத்தவர் எவரும், கடன் கேட்கப் போகுமுன் அந்தச் சிட்டைகளோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.