தூக்க மாத்திரையும் நள்ளிரவுத் தலைசுற்றலும்

மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் பலருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயம்! வீட்டார் உடனே தூக்க மாத்திரையைத் தேடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையைக் கடன் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. இது கூடவே கூடாது.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கி விடுகிறது. உடனே ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. அதனால்தான் மூளைக்கு ரத்தம் குறையாமல் போகிறது.

இதய நோயாளிக்கு இந்த ஏற்பாடு முன்போல் நடப்பதில்லை. மெட்டோபுரோலால் மாத்திரை துடிப்பை வேகமாக விடாது. ராமிபிரில் குழாய்களை விரிக்கும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைக்கும். இவை உயிர் காக்கும் மருந்துகள். இவற்றை நிறுத்தக் கூடாது.

இவற்றோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால்?

68 வயதுப் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நீர் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறார். படுக்கும்போது டயசிபாம். இரவு 2 மணிக்குச் சிறுநீர் முட்டுகிறது. அரைத் தூக்கத்தில் சட்டென்று எழுகிறார். கண் இருட்டுகிறது. கால் தள்ளாடுகிறது. விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். வயதானவர் உடலில் டயசிபாம் பல நாட்கள் தங்கும். ஆகவே காலையிலும் தள்ளாட்டம் இருக்கும். "பலவீனம்" என்று சொல்லி வீட்டார் கஞ்சி கொடுப்பார்கள்!

கண்டுபிடிப்பது எளிது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். அருகில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். படுத்திருக்கும்போது 124 இருந்து, நின்றதும் 98 ஆனால், 26 குறைந்துவிட்டது. மேல் அளவு 20 குறைந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இதயம் பலவீனமானவர் படுத்ததும் மூச்சு முட்டி எழுந்து உட்காருவார். அது தூக்கமின்மை அல்ல. நுரையீரலில் நீர் கோக்கிறது. அதற்குத் தூக்க மாத்திரை கொடுப்பது, வீட்டில் தீப்பிடித்து எரியும்போது கூப்பிட வந்தவன் வாயைப் பொத்துவது போல! அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நெடுநாள் தூக்க மாத்திரை சாப்பிட்டவர் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், படபடப்பு வரும், வலிப்புக்கூட வரலாம். டாக்டர் பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அதுவரை இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காரட்டும். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டட்டும். விளக்கைப் போட்ட பிறகு எழுந்து நிற்கட்டும்.