இரவில் குறைத்தால் பில் கூடுமா?



ரொறன்ரோவில் குளிர் தொடங்கினால் நம்மவர் கூடும் இடமெல்லாம் ஒரு "ஞானம்" உலவும்: "தேர்மோஸ்ரற்றை இரவில் குறைக்காதீங்கோ. காலையில் வீட்டைத் திரும்பச் சூடாக்கக் கூடுதல் காஸ் போகும்." இதை எஞ்சினியர்மாரும் சொல்கிறார்கள். நான் பௌதிகவியல் படிப்பித்த பிள்ளைகளும் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடியில் துளையுள்ள பானையை நினையுங்கள். நீர்மட்டம் உயர்ந்தால் ஒழுக்கு கூடும், தாழ்ந்தால் குறையும். வீடும் அப்படித்தான். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுக்கு வெப்பம் வெளியேறும். வீடு ஆறும்போது ஃபர்னஸ் ஓய்ந்திருக்கிறது. காலையில் நீங்கள் கொடுப்பது அந்த ஓய்வில் மிச்சம் பிடித்ததைத்தான். இடையில் வீடு குளிர்ந்திருந்த நேரமெல்லாம் ஒழுக்கு குறைவு. அது முழு இலாபம்.

கணக்குப் போடுவோம். வெளியே -10 பாகை, உள்ளே 22 என்றால் வித்தியாசம் 32. இரவில் 18 ஆக்கினால் 28. இழப்பு எட்டில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கான 8 மணித்தியாலத்துக்கு அப்படி வைத்தால், முழு நாளுக்கு ஏறக்குறைய 4 வீதம். வீடு உடனே ஆறாது என்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். சூடாக்க மட்டும் மாதம் 200 டொலர் போகிற வீட்டில் 8 டொலருக்கு உட்பட்ட மிச்சம். பெரிய தொகையல்ல. ஆனால் அது மிச்சம்தான், நட்டமல்ல. பகலில் எல்லாரும் வேலைக்குப் போகும் வீட்டில் அப்போதும் குறைத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு.

அந்தப் பேச்சில் உண்மை எட்டிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு: ஹீற் பம்ப் உள்ள வீடு. காலையில் ஒரேயடியாக 4 பாகை ஏற்றச் சொன்னால் அதனால் ஈடுகொடுக்க முடியாமல், உதவிக்கு இருக்கும் மின்கம்பிச் சூடாக்கி எரியத் தொடங்கலாம். அது பல மடங்கு மின்சாரம் தின்னும். காலையில் திரையில் AUX என்று அடிக்கடி தெரிந்தால் அதுதான் நடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் குறைக்காதீர்கள். காஸ் ஃபர்னஸ் வீட்டுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

எதிர்ப்பக்கத்துக் கஞ்சர்களுக்கும் ஒரு சொல். 18க்குக் கீழே போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்ன அடிமட்டமும் அதுதான். முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் அதைவிடக் கூடுதல் வேண்டும். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் அம்மம்மா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு இருக்கிறா என்றால், அந்த 8 டொலர் மிச்சமே அல்ல.

இனி யாராவது அந்த ஞானத்தைச் சொன்னால், ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "கூடுதலாக எரிந்த அந்தக் காஸின் வெப்பம் எந்த வழியால் வெளியே போனது?" பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள். திருத்திப் புள்ளி போட நான் ஆயத்தம்.