பாட்டு, பிரிப்பு, பிறகு பொருள்

ஆரணியில் பேரனின் செய்யுள் பாடத்தைக் கணினியில் பார்த்தேன். இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் கொட்டை எழுத்தில் பொருள், சொல் பிரிப்பு கீழ் மூலையில் பொடி எழுத்தில். பையன் பொருளை எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறான். பிறகு பாட்டு எதற்கு?

‘தாமரை’ சேர்ந்து நின்றால் பூ. தா, மரை என்று பிரிந்தால் தாவுகிற மான். நன்னூல் இதைப் பொதுமொழி என்கிறது. பொருளை முதலில் கொட்டிவிட்டால் இந்த முடிச்சே மாணவன் கண்ணில் படாது.

பிரித்தால் ஓசை கெடும் என்கிறார்கள். சீரோடு பாட்டு மேலே இருக்கட்டுமே. அதன் கீழே பிரிப்பு, அப்புறம் பொருள். மர்ரே ராஜம் 1950களிலேயே சங்கப் பாடல்களைச் சந்தி பிரித்து மலிவாக அச்சிட்டார். தமிழ் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

இன்னொன்று. பார்வையற்ற பிள்ளைக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், பெட்டிகளை நாம் அடுக்கிய வரிசையில்தான் படிக்கும். பொருளை முதலில் ஒட்டிவிட்டுப் பாட்டைக் கடைசியில் சேர்த்தால், அந்தப் பிள்ளை பொருளைத்தான் முதலில் கேட்கும். வரிசையை மாற்ற இரண்டு நிமிடம் போதும்.