வசூல் ஏஜென்சி கடிதமா? 'கட்டிடறேன்'னு எழுதும் முன்...

கோவில்பட்டி தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர், டூவீலர் கடனில் சில தவணைகளை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சில வருஷம் கழித்து, பேரே கேள்விப்படாத ஒரு ஏஜென்சி 38,400 ரூபாய் கேட்டுக் கடிதம் போடுகிறது. பயத்தில் 'டைம் குடுங்க, கட்டிடறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய தப்பு.

காரணம், 1963 காலவரையறைச் சட்டம். இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான் அவகாசம். அதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்த 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். அவகாசம் முடிந்த பிறகும், 'கட்டுகிறேன்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாகிவிடும்.

எனவே பதில் இப்படி இருக்கட்டும்: 'ஆதாரம் பார்க்காமல் இந்தத் தொகையை ஏற்க முடியாது. கடன் கொடுத்த நிறுவனம் எது? கடன் ஒப்பந்த நகல், அசல், வட்டி, அபராதம் தனித்தனியாகக் காட்டும் கணக்கு, வசூலிக்க உங்களுக்குத் தந்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்பவும். கடன் விற்கப்பட்டிருந்தால் அதன் ஆவணமும் தேவை.' இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை பத்திரமா வையுங்க.

கடன் கொடுத்தவர் யாரென்று தெரிந்ததும், புகாரை அந்த நிறுவனத்துக்கே எழுத வேண்டும். ஏஜென்ட் செய்வதற்கு அதுதான் பொறுப்பு என்கிறது ரிசர்வ் வங்கி. 30 நாளில் பதில் இல்லையென்றால், cms.rbi.org.in-ல் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

அமெரிக்காவில் குறித்த காலத்துக்குள் எழுதிக் கேட்டால், ஆதாரம் தரும்வரை ஏஜென்சி வசூலை நிறுத்தியாக வேண்டும். இங்கே கடிதம் மட்டும் வசூலை நிறுத்தாது. அந்த விதி இங்கும் வர வேண்டும்.