முப்பது நாள் அவகாசம் உண்மையில் எத்தனை நாள்?

ஓர் அசைன்மென்ட் ஆகஸ்ட் 4-ஆம் தேதி தரப்படுகிறது. செப்டம்பர் 3-ஆம் தேதி ஒப்படைக்க வேண்டும். இதைக் கேட்கும் மாணவர் மனதில் பதிவது "ஒரு மாதம் இருக்கிறது" என்பதுதான். பெரும்பாலானவர்கள் அந்தக் கடைசித் தேதியை மட்டும் போனில் குறித்துக்கொள்கிறார்கள். செமஸ்டர் முழுவதற்கும் இப்படி இருபது தேதிகளைக் குறித்துவிட்டால் திட்டம் தயார் என்று நம்புகிறார்கள். அது திட்டம் ஆகாது. வேலை எப்போது முடிய வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. எப்போது தொடங்க முடியும் என்பது அசைன்மென்ட் அட்டவணையில் இருக்காது, சிலபஸில் இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் சிலபஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரும்பாலான பாடங்களுக்கு ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட் தலைப்பின் வலது ஓரத்திலும் ஓர் எண் இருக்கும், பெரும்பாலும் 9. அந்த யூனிட்டை நடத்த ஒதுக்கிய வகுப்புகளின் எண்ணிக்கை அது. ஐந்தையும் கூட்டினால் 45. வாரம் மூன்று வகுப்பு என்றால் ஒரு யூனிட்டுக்கு மூன்று வாரம், முழுப் பாடத்துக்குப் பதினைந்து வாரம். யாரும் கவனிக்காத இந்த எண்ணைக் கல்லூரி நாட்காட்டியோடு சேர்த்து வைத்தால், எந்தத் தலைப்பு ஏறக்குறைய எந்தத் தேதியில் நடத்தப்படும் என்பது வந்துவிடும்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 2025-இன் நாட்காட்டியை வைத்து, வகுப்புகள் ஜூலை 14, திங்களன்று தொடங்கின என்றும், இந்தப் பாடம் திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் என்றும், யூனிட்டுக்கு ஒன்பது வகுப்பு என்றும் வைத்துக்கொள்வோம். முதல் யூனிட்டின் ஒன்பது வகுப்புகள் ஆகஸ்ட் 1-இல் முடிகின்றன. இரண்டாவது யூனிட், டிரான்ஸ்போர்ட் லேயர், ஆகஸ்ட் 4-இல் தொடங்குகிறது. ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, விடுமுறை. அந்த ஒரு வகுப்பு தள்ளிப்போவதால் யூனிட் ஆகஸ்ட் 22-க்குப் பதில் 25-இல் முடிகிறது.

அசைன்மென்ட் இதுதான்: வயர்ஷார்க் மென்பொருளில் ஒரு டிசிபி இணைப்பைப் பதிவு செய்து, இணைப்பு எப்படி ஏற்படுகிறது, நெரிசல் கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி அறிக்கை எழுத வேண்டும். நெரிசல் கட்டுப்பாடு அந்த யூனிட்டின் ஏழாவது, எட்டாவது வகுப்புகளில் வரும். அதாவது ஆகஸ்ட் 20, 22. அதற்கு முன்னால் அந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தால் பாதி புரியாமல் எழுத வேண்டியிருக்கும். ஆக, முப்பது நாளில் பதினெட்டு நாள் இந்தப் பகுதிக்கு உதவாமலே போய்விட்டது. ஆகஸ்ட் 24 ஞாயிறு. 27 விநாயகர் சதுர்த்தி. முதல் இன்டர்னல் தேர்வு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது என்றால் அந்த வாரத்தையும் கழிக்க வேண்டும். 31 ஞாயிறு. கையில் நிற்பவை ஆகஸ்ட் 23, 25, 26, 28, 29, 30. ஒரு மாதம் என்று நினைத்தது ஆறு நாள்.

இனி கையிருப்பு நாட்கள். ஒப்படைக்கும் தேதிக்கு முன் மூன்று நாட்களை வெறுமையாக விட விரும்பினால், 28, 29, 30 மூன்றும் அதற்குப் போய்விடும். வேலை 26-ஆம் தேதி இரவுக்குள் முடிந்தாக வேண்டும். எழுத மிஞ்சுவது மூன்றே நாள். இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து கையிருப்பை நீக்கிவிடுவதுதான் பலர் செய்வது. சரியான வழி அசைன்மென்ட்டை இரண்டாகப் பிரிப்பது. மென்பொருளை நிறுவுவது, இணைப்பைப் பதிவு செய்து கோப்பாகச் சேமிப்பது, இணைப்பு ஏற்படும் மூன்று படிகளை விளக்குவது ஆகியவற்றுக்கு நெரிசல் கட்டுப்பாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவற்றுக்கான பாடம் ஆகஸ்ட் 11, 13 வாக்கில் நடந்துவிடும். எனவே முதல் பகுதியை 13-இல் தொடங்கி 20-க்குள் முடிக்கலாம். 22-ஆம் தேதிக்குப் பிறகு செய்ய வேண்டியது அலசலும் முடிவுரையும் மட்டுமே. அதற்கு மூன்று நாள் போதும். இந்தப் பிரிப்பு சிலபஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் கண்ணில் படும்.

இதை ஒரு கூகுள் ஷீட்டில் போடுவது எளிது. ஒரு வரிக்கு ஒரு வேலை. A-யில் வேலையின் பெயர், B-யில் பாடம் நடத்தப்படும் தேதி, C-யில் ஒப்படைக்கும் தேதி, D-யில் கையிருப்பு நாட்கள், E-யில் நாமே முடிக்க வேண்டிய தேதி. Blocked என்ற தனித் தாளில் விடுமுறைகளையும் தேர்வு நாட்களையும் ஒரே பத்தியில் எழுதிவிட வேண்டும். E2-இல் போட வேண்டியது:

```
=WORKDAY.INTL(C2,-(D2+1),11,Blocked!A$2:A$60)
```

11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்று பொருள். சனிக்கிழமையும் விடுமுறை உள்ள கல்லூரி என்றால் 1 என்று மாற்றிக்கொள்ளலாம். கூட ஒன்று சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. வெறும் மூன்று என்று கொடுத்தால் சூத்திரம் மூன்றாவது வேலைநாளையே முடிவுத் தேதியாகக் காட்டும். அன்று நாம் வேலை செய்துகொண்டிருப்போம், ஆகவே இடையில் வெறுமையாக இருப்பது இரண்டு நாள்தான். நம் எடுத்துக்காட்டில் இந்தச் சூத்திரம் ஆகஸ்ட் 26 என்று காட்டும். தேர்வு நாட்களை Blocked தாளில் சேர்க்க மறந்தால் ஆகஸ்ட் 29 என்று காட்டும். அந்த மூன்று நாள் வித்தியாசத்தில்தான் தேர்வுக்கு முந்தைய இரவு அறிக்கை எழுதும் நிலை பிறக்கிறது.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று: தேதி தேதியாகப் பதியாமல் வெறும் எழுத்தாகப் பதிவது, அல்லது 03/09 என்பது மார்ச் 9 ஆகிவிடுவது. தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்காமல் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து. ஷீட்டின் அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தேதிகளைத் திரும்ப அடித்தால் சரியாகும்.

கையிருப்பு எத்தனை நாள் என்பதை நம் மனதைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. இதற்கு நல்ல சான்று உண்டு. 1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள், 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மிக மோசமாகக் கற்பனை செய்த கணக்கையும் தாண்டித்தான் வேலை முடிந்தது. ஆகவே, நம்பத்தக்கது போன செமஸ்டரில் இதே போன்ற வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்ற பதிவு மட்டுமே. அது நினைவில் இல்லையென்றால், பழைய கோப்புகளின் உருவாக்கிய தேதியும் கடைசியாகத் திருத்திய தேதியும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

அதற்கு மேல், என் கருத்தில், கையிருப்பைத் தீர்மானிப்பது வேலையின் அளவு அல்ல. நமக்கும் ஒப்படைப்புக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான். தனியாக எழுதி இணையத்தில் ஏற்றும் அறிக்கைக்கு ஒரு நாள் போதும். ரெக்கார்டு நோட்டு என்றால் ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். அவர் விடுப்பில் இருக்கலாம். நோட்டுக் குவியலில் நம்முடையது அடியில் கிடக்கலாம். மூன்று நாள் விட வேண்டும். நான்கு பேர் சேர்ந்து செய்யும் மினி புராஜெக்ட்டில் ஒருவர் தாமதித்தால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங், துறைத்தலைவர் கையெழுத்து. அங்கே ஒரு வாரத்துக்குக் குறைந்து விடுவது ஆபத்து. கடைசி நாளன்று கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் நிற்கும் வரிசையைப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் கையிருப்பு வேண்டும் என்றும் இல்லை. என்பிடெல் படிப்புகளில் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு மட்டுமே மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படும். நான்கு தவறினாலும் பாதகமில்லை என்ற இடைவெளியை அவர்களே வைத்திருக்கிறார்கள். அங்கே நாமும் மூன்று நாள் ஒதுக்குவது, வேறு பாடத்திலிருந்து அந்த மூன்று நாளைப் பறிப்பது.

கையிருப்பு நாள் காலியாக இருக்க வேண்டும். சொல்ல எளிது, ஆனால் ஐந்து பாடங்களின் வரிகளை E பத்தியின்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒன்றின் கையிருப்பு நாளில் இன்னொன்றின் வேலை உட்கார்ந்திருப்பது தெரியும். அப்போது அந்த நாள் காகிதத்தில் மட்டுமே காலி. இரண்டில் யார் கையெழுத்தும் தேவைப்படாத வேலையை முன்னால் நகர்த்த வேண்டும். மற்றதை நகர்த்துவது நம் கையில் இல்லை.

கையிருப்பு இருக்கிறது என்ற தெம்பிலேயே தாமதமாகத் தொடங்குவது இன்னொரு ஆபத்து. எலியாஹு கோல்ட்ராட் 1997-இல் எழுதிய 'கிரிட்டிகல் செயின்' நூலில் இதற்கு மாணவர்களின் பெயரையே வைத்தார். இது நேர்கிறதா என்று கண்டுபிடிக்க F என்று ஒரு பத்தி போதும்: உண்மையில் முடித்த தேதி. E தேதியைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் காரணத்தை ஒரு சொல்லில் எழுத வேண்டும். காய்ச்சல், ஆசிரியர் விடுப்பு என்று இருந்தால் கையிருப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு வரிகளில் "தாமதமாகத் தொடங்கினேன்" என்று வந்தால், கூட்ட வேண்டியது D-யை அல்ல. தொடங்கும் தேதியை முன்னால் கொண்டுவர வேண்டும்.

இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு. வகுப்புகள் சிலபஸ் சொன்ன வேகத்திலேயே நடப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை B பத்தியைத் திருத்த வேண்டும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மழை விடுமுறை எந்தக் காலையிலும் அறிவிக்கப்படலாம். இணையத்தில் ஏற்றும் வேலைக்கு அதனால் நட்டமில்லை. கையெழுத்து வாங்க வேண்டிய வேலை நின்றுவிடும். அக்டோபர் பாதிக்குப் பிறகு வரும் ரெக்கார்டு நோட்டுகளுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு நாள் சேர்ப்பது நல்லது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அசைன்மென்ட் தாளில் கடைசித் தேதிக்குப் பக்கத்தில், அதற்குத் தேவையான தலைப்பை எந்த வாரம் நடத்தப்போகிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மாணவர் சிலபஸைக் கொண்டு ஊகிக்க வேண்டிய தேதி உங்கள் பாடத்திட்டக் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருக்கிறது.