‘நிறுத்து’ என்று சொல்வது யார்?

2025 ஜூலை 13ஆம் திகதி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில் கார் சாகசக் காட்சியொன்றின்போது சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் உயிரிழந்தார். இயக்குநர் உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிவானது. திட்டமிடல் முறையாகவே செய்யப்பட்டதாகப் படக்குழு கூறியது. இவ்வாறான மரணங்களின் பின்னர் திட்டம் இருந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான கேள்வி, அந்த இடத்தில் யாரால் வேலையை நிறுத்தியிருக்க முடியும் என்பதே.

இதற்கு ஒரு நீதிமன்றம் பதில் சொன்ன சம்பவம் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் நடந்தது. 2014 பெப்ரவரி 20ஆம் திகதி, ‘மிட்நைட் ரைடர்’ படக்குழு ஓர் ஆற்றுப் பாலத்தின் ரயில் தண்டவாளத்தில் இரும்புக் கட்டிலொன்றை வைத்துப் படமெடுத்தது. தண்டவாளத்தில் படமெடுக்க ரயில் நிறுவனம் எழுத்தில் அனுமதி மறுத்திருந்தது. ரயில் வந்தால் விலக 60 வினாடிகள் கிடைக்கும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லப்பட்டது. அது கிடைக்கவில்லை. கமரா உதவியாளர் சாரா ஜோன்ஸ், 27 வயது, கொல்லப்பட்டார். பலர் காயமடைந்தனர்.

அனுமதி இல்லை என்பதை அறிந்திருந்த, படப்பிடிப்பு இடத்துக்குப் பொறுப்பானவர் அன்று அங்கு செல்லாமல் ஒதுங்கிக்கொண்டார். அதனால் அவர் தப்பினார், வேலை நடந்தது. பாலத்தில் நின்ற ஏனையோருக்கு மறுப்புக் கடிதம் பற்றிச் சொல்லப்படவில்லை. ஆபத்தை அறிந்தவர் நிறுத்தவில்லை, ஆபத்தில் நின்றவர்களுக்கு அது தெரியவில்லை.

2015இல் இயக்குநர் ரண்டல் மில்லர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். படப்பிடிப்பை ஒழுங்கமைக்கும் முதலாவது உதவி இயக்குநரும் தண்டிக்கப்பட்டார். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் ‘இயக்குநர் சொன்னார்’ என்று தப்பமுடியாது என்பதே இதன் பொருள்.

நிறுத்தும் அதிகாரம் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். வாகனக் காட்சியென்றால் சண்டைப் பயிற்சியாளர், கயிறும் கேபிளும் கட்டியிருந்தால் அவற்றைக் கட்டியவர், பொது வீதியென்றால் போக்குவரத்தை மறிப்பவர். அவர்கள் ‘கட்’ சொன்னால் இயக்குநருக்கும் அது பொருந்தும். மீண்டும் தொடங்க அனுமதிப்பவரும் நிறுத்தியவராகவே இருக்கவேண்டும். காட்சியில் ஏதாவது மாறினால், கார் இன்னும் வேகமாக ஓடவேண்டுமென்றால்கூட, ஒத்திகையும் கூட்டமும் மறுபடி நடக்கவேண்டும். நிறுத்தச் சொன்னவருக்கு மறுநாள் வேலை கிடைக்காதென்றால் இந்த விதிகள் எல்லாம் வெறும் தாள்தான்.

எமது பகுதிகளிலும் குறும்படங்கள் நண்பர்களின் மோட்டார் சைக்கிள்களிலும் திறந்த வீதிகளிலும் எடுக்கப்படுகின்றன. அங்கே எல்லோரும் நண்பர்கள் என்பதால்தான் ‘வேண்டாம்’ என்று சொல்வது இன்னும் கடினம். கமராவை இயக்கும் முன்னர், இன்று நிறுத்தச் சொல்பவர் யார் என்பதை எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி அறிவித்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.