சொல்ல வந்ததும் சொன்னதும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமாட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே உள்ள சிற்றூர் பெக்கோக். கெமாசிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இரயில் பாதை இவ்வூரின் வழியே போகிறது. பழைய ஒற்றைத் தண்டவாளம் இரட்டைப் பாதையாக மாறிவிட்ட இக்காலத்தில், பழைய நிலையத்தைப் பற்றி முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்து வைப்பது மாணவர்களுக்கு ஏற்ற இடுபணிதான். பதிவு செய்வது எளிது. கைப்பேசி ஒன்று போதும். அதற்குச் சுருக்கம் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு பதிவைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். படிவம் நான்கில் பயிலும் மாணவன் ஒருவன், எண்பத்தாறு வயதான தன் பாட்டியின் முன் கைப்பேசியை வைத்து, “பெக்கோக் இரயில் நிலையம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதைப் பற்றி இன்று பாட்டி பேசப் போகிறார்” என்று அறிவிக்கிறான். பாட்டியும், “ஆமாய்யா, ஸ்டேஷன் கதையத்தான் சொல்லப் போறேன்” என்கிறார். பதிவின் மொத்த நீளம் 38 நிமிடம்.

முதல் ஏழு நிமிடம் நிலையத்தைப் பற்றியது. சரக்கு வண்டியில் இரப்பர் பாளங்களை ஏற்றியது, திருவிழாவுக்குக் குடும்பத்தோடு இரயிலேறிப் போனது ஆகியவற்றைப் பாட்டி சொல்கிறார். பிறகு, “எங்கம்மாவுக்கு மட்டும் ரயில் சத்தம் கேட்டாலே ஆகாது” என்கிறார். பேரன் காரணம் கேட்கிறான். அடுத்த இருபது நிமிடம் பேச்சு பெக்கோக்கில் இல்லை, சயாமில் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் மூன்று மாத வேலை என்று சொல்லித் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிச் செல்லப்பட்ட அவர் தந்தை திரும்பி வரவே இல்லை. கைப்பிள்ளையோடு லயன் வீட்டில் தனியாக நின்ற தாய் எப்படிப் பிழைத்தார், திரும்பி வந்த ஓரிருவரிடம் என்னென்ன விசாரித்தார் என்பதைப் பாட்டி விரிவாகச் சொல்கிறார். அதன் பின் ஆறு நிமிடம் ஆயாக்கொட்டகையும் தோட்டப் பள்ளியும். மீண்டும் மூன்று நிமிடம் நிலையம். கடைசி இரண்டு நிமிடத்தில், “ரயில் கதை கேட்ட, நான் என்னென்னமோ சொல்லிட்டேன்” என்று சிரித்து முடிக்கிறார்.

இப்பதிவுக்கு இரண்டு வகையான சுருக்கங்கள் எழுதப்படக்கூடும். இரண்டுமே தவறானவை.

முதல் வகை, அறிவிப்பை நம்பி எழுதப்படுவது: “இப்பதிவில் மூதாட்டி ஒருவர் பெக்கோக் இரயில் நிலையத்தின் வரலாற்றை விளக்குகிறார். இடையே தம் குடும்ப நினைவுகளையும் பகிர்ந்துகொள்கிறார்.” இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆயினும், சயாம் இரயில் பாதைக்குச் சென்று மீளாதவர்களின் குடும்பங்களைப் பற்றித் தேடும் ஒருவர் இச்சுருக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெருந்தொகையாக மாண்டனர். கைதிகளாக இருந்த மேல்நாட்டுப் படைவீரர்கள் நாட்குறிப்பும் நூலும் எழுதி வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் செய்தி பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றது. ஆகவே, “குடும்ப நினைவுகள்” என்ற இரண்டு சொற்களுக்குள் இருபது நிமிடத்தை அடைப்பது, பதிவைத் தொலைப்பதற்குச் சமம்.

இரண்டாவது வகை, உள்ளடக்கத்தைக் கண்டு பரபரப்படைந்து எழுதப்படுவது: “சயாம் மரண இரயிலின் கொடுமைகளைப் பற்றி மூதாட்டி ஒருவர் அளிக்கும் நேரடிச் சாட்சியம்.” மாணவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் இவ்வாறு எழுத விரும்புவார்கள். ஆனால், 1942இல் பாட்டிக்கு மூன்று வயது. அவர் சயாமைப் பார்த்ததில்லை. அவர் சொல்வது தாயிடம் கேட்டது. அதிலும் ஒரு பகுதி, தாய் பிறரிடம் கேட்டது. தந்தை இல்லாத வீட்டைப் பற்றி அவர் சொல்வதற்கு அவரே சாட்சி. சயாமில் நடந்ததைப் பற்றிச் சொல்வதற்கு அவர் சாட்சி அல்லர். இவ்வேறுபாட்டைச் சுருக்கம் மறைத்தால், பின்னர் அதை மேற்கோள் காட்டுவோர் எல்லாரும் தவறுவர். மேலும், பாட்டி சாட்சியம் அளிக்க உட்காரவில்லை. ஸ்டேஷன் கதை சொல்லத்தான் உட்கார்ந்தார். கேட்பவர் அதை அறிந்தால்தான், அவர் ஏன் தயங்குகிறார், ஆண்டுகளை ஏன் மாற்றிச் சொல்கிறார் என்பது விளங்கும்.

நன்னூல், நூல் எழுதுவோர் கையாள வேண்டிய முப்பத்திரண்டு உத்திகளில் முதலாவதாக நுதலிப் புகுதலைச் சொல்கிறது. சொல்லப்போவதை முதலில் அறிவித்துவிட்டு உள்ளே செல்வது அதன் பொருள். பத்துக் குற்றங்களில் ஒன்றாக மற்றொன்று விரித்தலையும் அது எண்ணுகிறது. இலக்கணம் படித்த மாணவன் பாட்டியின் பேச்சை இந்த அளவுகோலால் அளந்து, இருபது நிமிடத்தைக் குற்றம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், அவ்விதி நூலாசிரியருக்கு உரியது. அவர் எழுதியதைத் திருத்தவும் நீக்கவும் முடியும். வாய்மொழியாகப் பேசுபவர் நூல் இயற்றவில்லை. ஒரு நினைவு அடுத்த நினைவை இழுத்து வருகிறது. இங்கே இரயில் என்ற ஒரே சொல்தான் பெக்கோக்கிலிருந்து சயாமுக்குப் பாலம் போட்டது. பேச்சு திசை மாறிய அந்த இடம், ஒருவேளை பதிவிலேயே மிகவும் பெறுமதியான இடமாக இருக்கலாம். அதைச் சுருக்கத்தில் நேராக்கிவிடுவது, பாட்டியின் மனம் சென்ற வழியை அழிப்பதாகும்.

அப்படியானால் சுருக்கத்தை எப்படி எழுதுவது? எழுதுவதற்கு முன் ஒரு நேரப் பட்டியல் வேண்டும். பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பேச்சு மாறும் ஒவ்வோர் இடத்திலும் நிமிடத்தைக் குறித்து, எதைப் பற்றிய பேச்சு என்பதை நான்கைந்து சொற்களில் எழுத வேண்டும். 38 நிமிடப் பதிவுக்கு இது ஒன்றரை மணி நேர வேலையாவது ஆகும். பலர் தவிர்க்கும் வேலையும் இதுதான். முதல் சில நிமிடங்களைக் கேட்டுவிட்டுச் சுருக்கம் எழுதுபவர் அறிவிப்பைத்தான் எழுதுவார். வேறு வழி இல்லை. ஒரு சுருக்கம் அவ்வாறு எழுதப்பட்டதா என்பதை அறிய எளிய வழி உண்டு. அதில் உள்ள செய்திகள் பதிவின் எந்தெந்த நிமிடங்களில் வருகின்றன என்று தேடிப் பார்க்கலாம். எல்லாமே முதல் ஏழு நிமிடத்துக்குள் கிடைத்தால், எழுதியவர் எங்கே நிறுத்தினார் என்பது தெரிந்துவிடும். நீண்ட நேர்காணல்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனிக்குறிப்பு எழுதுவது வாய்மொழி வரலாற்றுக் காப்பகங்களில் காணப்படும் வழக்கம். 1979இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்று நிலையத்தின் பதிவுகளில் இதைக் காணலாம்.

பட்டியலில் உள்ள நிமிடங்களைக் கூட்டினால் நிலையம் பத்து நிமிடம், சயாம் இருபது நிமிடம் என்று வரும். நிமிடக் கணக்கு நல்ல தொடக்கம்தான், தீர்ப்பு ஆகாது. பாட்டி ஆயாக்கொட்டகையைப் பற்றி ஆறு நிமிடம் பேசியதில் நான்கு நிமிடம் ஒரே நிகழ்ச்சியைத் திரும்பச் சொன்னதாக இருக்கலாம். மாறாக, நிலையத்தைப் பற்றிய மூன்று நிமிடத்தில் வேறெங்கும் கிடைக்காத செய்தி ஒன்று வந்திருக்கலாம்.

அடுத்து, அறிவிப்பை என்ன செய்வது என்ற கேள்வி. பேசியது வேறாக இருக்கும்போது அறிவிப்பை ஏன் சுமக்க வேண்டும், விட்டுவிடலாமே என்று சிலர் வாதிடுவர். அதை விடக்கூடாது. அறிவிப்பும் பதிவில் உள்ள ஒரு செய்திதான். யார் அறிவித்தார் என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும். இங்கே தலைப்பை வைத்தவன் பேரன். பாட்டி அதை ஏற்றுக்கொண்டார். பின்னர்த் தாம் விலகிப் பேசியதையும் அவரே கடைசியில் சொல்கிறார். தலைப்பை மட்டும் அறிவிப்பிலிருந்து எடுக்காமல் உள்ளடக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். சுருக்கம் பின்வருமாறு அமையலாம்:

“பெக்கோக் இரயில் நிலையமும் சயாமுக்குச் சென்ற தந்தையும். பழைய இரயில் நிலையத்தைப் பற்றிப் பேசுவதற்காகப் பேரனால் செய்யப்பட்ட பதிவு. தொடக்கத்திலும் இறுதியிலும் (மொத்தம் 10 நிமிடம்) நிலையத்தைப் பற்றிப் பேசுகிறார். தாய்க்கு இரயில் சத்தத்தின்மேல் இருந்த அச்சத்தைக் குறிப்பிட்டதும் பேச்சு மாறுகிறது. 7ஆம் நிமிடம் முதல் 27ஆம் நிமிடம் வரை, ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத தந்தையைப் பற்றியும், தாய் குடும்பத்தைக் காத்ததைப் பற்றியும் கூறுகிறார். சயாமைப் பற்றிய செய்திகள் தாயிடம் கேட்டவை. 33ஆம் நிமிடம் வரை ஆயாக்கொட்டகை, தோட்டப் பள்ளி நினைவுகள். நிலையம் கட்டப்பட்ட காலம், அங்குப் பணிபுரிந்தோர் பற்றிய செய்தி இல்லை.”

கடைசி வாக்கியம் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பேசாததை ஏன் எழுத வேண்டும்? அறிவிப்பு ஓர் எதிர்பார்ப்பை எழுப்பிவிட்டது. நிலையத்தின் வரலாற்றைத் தேடி வருபவர் 38 நிமிடம் கேட்டு ஏமாறாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும். பேசாதவை அனைத்தையும் பட்டியலிட வேண்டியதில்லை. அறிவிப்பு தருவதாகச் சொல்லித் தராமல் விட்டதை மட்டும் குறித்தால் போதும்.

பள்ளிக் கூட்டங்களின் பதிவுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நூலகத்தைப் பற்றிப் பேசக் கூடி, பேருந்துக் கட்டணத்தைப் பற்றியே பேசிக் கலைந்தால், கூட்டக் குறிப்பில் முதலில் இடம்பெற வேண்டியது நூலகம் பற்றி முடிவெடுக்கப்படவில்லை என்பதே. அங்கே நிகழ்ச்சி நிரல் உறுப்பினர்களுக்கு அளித்த வாக்குறுதி. பாட்டி யாருக்கும் வாக்குறுதி அளிக்கவில்லை.

ஆனால், பாட்டிக்கு ஒரு வாக்குறுதி அளிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டேஷன் கதையைப் பதிவு செய்து பள்ளியில் வைக்கப் போவதாகச் சொல்லித்தான் அவருடைய இசைவு பெறப்பட்டது. தந்தையின் இழப்பையும் தாயின் வறுமையையும் பிறர் கேட்கலாம் என்று அவர் இசைவு தந்ததாகக் கொள்ள முடியாது. ஆகவே, பதிவைப் பள்ளியிடம் ஒப்படைக்கும் முன், மாணவன் சுருக்கத்தை அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். “பாட்டி, தாத்தா சயாமுக்குப் போனதையும் இதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கேட்கலாமா?” என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அறிவிப்பைப் பின்பற்றிய முதல் வகைச் சுருக்கத்தைப் படித்துக் காட்டினால் அவர் உடனே சரி என்பார். எதற்குச் சரி என்கிறார் என்பது அவருக்கே தெரிந்திராது. அவர் வேண்டாம் என்றால் அந்த இருபது நிமிடத்தை வெளியிடாமல் குடும்பத்திடமே விட்டுவிடலாம். அப்போது பள்ளியில் இருக்கும் சுருக்கத்தில், பதிவின் ஒரு பகுதி பேசியவரின் விருப்பப்படி நீக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பும், அந்தப் பகுதியின் நிமிட எண்களும் மட்டும் இருக்கும்.